பக்கத் தலைப்பு வெட்டுப்படாமல் எழுதுவது எப்படி? – தமிழ் எழுத்தின் அகலமும் கூகுளின் ஒரு வரியும்



பயிற்சித் தாளைத் தயாரித்து இணையத்தில் ஏற்றும் ஆசிரியர்கள் நம்மிடையே நிறைய பேர் இருக்கிறார்கள். ஒரு தாளுக்கு இரண்டு மூன்று இரவு போகிறது. ஏற்றும்போது மேலே ஒரு தலைப்புப் பெட்டி வரும், அதை நிரப்பப் பத்து நொடிதான் செலவழிக்கிறோம். ஆனால், கூகுளில் தேடும் இன்னோர் ஆசிரியரோ பெற்றோரோ முதலில் பார்ப்பது அந்தத் தலைப்பைத்தான். அதுவும் முழுசாகத் தெரியாது. ஒரு வரிக்குள் அடங்கும் பகுதி மட்டும் தெரியும், மீதி மூன்று புள்ளியாகிவிடும்.

அந்த ஒரு வரிக்குள் நம் பாடத்தின் பெயர் நிற்கிறதா, இல்லை புள்ளிக்குள் போய்விடுகிறதா? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். ஆங்கிலத் தலைப்புக்குச் சொல்லப்படும் கணக்கு தமிழுக்கு ஒத்துவராது. ஏன் ஒத்துவராது, தமிழுக்கு எந்தக் கணக்கு, எப்படி அளப்பது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம்

பத்து காஜா என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கெல்லி கோட்டை. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915இல் கட்டத் தொடங்கி, 1926இல் அவர் லிஸ்பனில் இறந்துபோனதால் முடிக்கப்படாமல் நின்றுபோன மாளிகை. கட்டுமான வேலை செய்தவர்களில் தமிழர்கள் பலர். அவர்களுக்காக அருகில் கட்டப்பட்ட மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்குக் கருத்துணர்தல் பகுதியாகக் கொடுக்க இதைவிடப் பொருத்தமான உள்ளூர்ச் செய்தி கிடைப்பது அரிது.

ஓர் ஆசிரியர் இந்தச் செய்தியை வைத்து ஒரு பகுதி எழுதி, பத்து கேள்விகளும் சேர்த்து, இப்படித் தலைப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

பத்து காஜா வட்டாரத் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கான ஆண்டு 5 தமிழ்மொழி கருத்துணர்தல் பயிற்சி: கெல்லி கோட்டை

தலைப்பில் பிழை எதுவும் இல்லை. யாருக்கு, எந்த ஆண்டு, எந்தத் திறன், எதைப் பற்றி என எல்லாமே இருக்கிறது. ஒரு தாளின் மேல் அச்சடித்தால் அழகாகவே இருக்கும். ஆனால், கணினியில் கூகுள் தேடல் முடிவில் இது ஏறக்குறைய இப்படித்தான் தெரியும்:

பத்து காஜா வட்டாரத் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கான ...

இதில் கெல்லி எங்கே? கோட்டை எங்கே? கருத்துணர்தல்கூட இல்லை. எண்ணிப் பாருங்கள்: இந்தத் தலைப்பில் மொத்தம் 52 தமிழ் எழுத்து. 'கெல்லி' என்ற சொல் வருவதற்குள் 46 எழுத்து செலவாகிவிட்டது. எதைத் தேடி ஒருவர் வருவாரோ அந்தப் பெயர் கடைசி ஆறு எழுத்தில் இருக்கிறது. அந்த ஆறுதான் முதலில் போகும்.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். வெட்டுப்படுவது காட்சியில் மட்டும்தான். கூகுள் முழுத் தலைப்பையும் படித்து வைத்துக்கொள்கிறது. ஆகவே, 'கெல்லி கோட்டை' என்று தேடினால் இந்தப் பக்கம் முடிவுகளில் வரவும் செய்யலாம். ஆனால், வந்த பிறகு அதைத் தொடுவதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் மனிதர். அவர் கண்ணுக்குத் தெரிவது ஏதோ பள்ளி வட்டார அறிவிப்பு மாதிரி இருக்கிறது. அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

'60 எழுத்து' என்ற கணக்கு ஏன் நமக்கு உதவாது?

இணையத்தில் தேடினால், 'தலைப்பு 50 முதல் 60 எழுத்துக்குள் இருக்க வேண்டும்' என்ற அறிவுரைதான் எங்கும் கிடைக்கும். அது ஆங்கிலத்துக்கான அறிவுரை. கூகுள் அப்படி எந்த எண்ணையும் விதியாக வைக்கவில்லை. தலைப்பு எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம், காட்டும்போது சாதனத்தின் அகலத்துக்கு ஏற்ப வெட்டப்படும் என்றுதான் அதன் வழிகாட்டி சொல்கிறது. அதாவது, உண்மையான வரம்பு எழுத்தின் எண்ணிக்கை இல்லை, அகலம்.

கணினித் திரையில் அந்த அகலம் ஏறக்குறைய 600 பிக்சல் என்பது இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் பார்த்துப் பார்த்து வைத்திருக்கும் அளவு. எழுத்தின் அளவு 20 பிக்சல். அந்த அளவில் ஓர் ஆங்கில எழுத்து சராசரியாக 10 பிக்சல் இடம் எடுக்கும். 600ஐப் 10ஆல் வகுத்தால் 60. அந்தப் புகழ்பெற்ற எண் இப்படி வந்ததுதான்.

தமிழ் எழுத்து அப்படியா? இல்லீங்க. நம் க, த, ம எல்லாம் ஆங்கில எழுத்தைவிட அகலமானவை. ண, ஞ இரண்டும் இன்னும் அகலம். அதோடு, நம் உயிர்மெய் எழுத்துகளில் பல, ஓர் எழுத்தாக எண்ணப்பட்டாலும் இரண்டு மூன்று உருவங்களாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. முதல் வகுப்பில் நாம் சொல்லிக்கொடுப்பதுதான்: 'கோ' எழுத ஓர் இரட்டைக்கொம்பு, ஒரு ககரம், ஒரு துணைக்கால் வேண்டும். எண்ணினால் ஓர் எழுத்து, இடத்தில் மூன்று.

எழுத்தை எண்ணித் தரும் கருவிகள் இதை இன்னும் குழப்பிவிடும். அவை எண்ணுவது நாம் சொல்லும் எழுத்தை இல்லை, யூனிகோட் குறியீடுகளை. 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து. கருவிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து.

இந்த இரண்டு சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்:

கட்டம்
கோட்டை

கருவியில் போட்டால் இரண்டுக்குமே 6 என்று வரும். நாம் எண்ணினால் 'கட்டம்' நான்கு எழுத்து, 'கோட்டை' மூன்று எழுத்து. ஆனால், திரையில் எது அகலம்? 'கோட்டை'தான், அதுவும் கணிசமாக. கருவியின் எண்ணிக்கையும் பொய் சொல்கிறது, நம் எழுத்து எண்ணிக்கையும் பொய் சொல்கிறது. பிறகு எதை எண்ணுவது?

துண்டு எண்ணும் முறை

துண்டை எண்ணுங்கள். கோட்டின் மேல் தனியாக இடம் பிடிக்கும் ஒவ்வோர் உருவமும் ஒரு துண்டு.

புள்ளிக்குத் தனி இடம் இல்லை, அது தலைக்கு மேலே போய்விடும். ஆகவே, க, க் இரண்டும் ஒரு துண்டுதான். கி, கீ, கு, கூ ஆகியவற்றில் குறி எழுத்தோடு ஒட்டிக்கொள்வதால் அவையும் ஒரு துண்டு என்றே வைத்துக்கொள்ளலாம். கா என்பது இரண்டு துண்டு. கெ, கே, கை ஆகியவையும் இரண்டு. கொ, கோ, கௌ மூன்று. அவ்வளவுதான் கணக்கு.

'கட்டம்' நான்கு துண்டு. 'கோட்டை' ஆறு துண்டு: இரட்டைக்கொம்பு, க, துணைக்கால், ட், ஐகாரக் கொம்பு, ட. இப்போது எண்ணிக்கையும் கண்ணுக்குத் தெரியும் அகலமும் ஒத்துப்போகின்றன பாருங்கள்.

20 பிக்சல் அளவில் ஒரு துண்டு சராசரியாக 16 பிக்சலை ஒட்டி வரும். ரகரமும் துணைக்காலும் குறைவு, ணகரம் அதிகம், ஆனால், ஒரு முழுத் தலைப்பில் இவை ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒவ்வொன்றும் ஐந்தாறு பிக்சல். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், 600 பிக்சலுக்குள் பாதுகாப்பாக நிற்பது சுமார் 30 துண்டு. ஆங்கிலக்காரருக்கு 60 கிடைக்கும் இடத்தில் நமக்குக் கிடைப்பது அதில் பாதி.

முதலில் பார்த்த தலைப்புக்கு வருவோம். பத்து 3, காஜா 4, வட்டாரத் 6, தமிழ்ப்பள்ளி 7, மாணவர்களுக்கான 11. இதுவே 31 ஆகிவிட்டது. ஆகவே, 'மாணவர்களுக்கான' என்ற சொல்லே தப்புமா என்பது சந்தேகம். கூகுள் பெரும்பாலும் சொல்லின் எல்லையில்தான் வெட்டும். அதனால், ஒரு நீண்ட சொல்லின் கடைசி இரண்டு எழுத்து இடம் தாண்டினாலும் முழுச் சொல்லும் போய்விடும். நீளமான கூட்டுச்சொல் விளிம்பில் நிற்பது ஆபத்து என்பது இதனால்தான்.

எதை முன்னால் வைப்பது?

இடம் 30 துண்டுதான் என்று தெரிந்துவிட்டது. இனி எது முதலில், எது கடைசியில் என்ற கேள்வி.

முதலில் தேடுசொல்லை முடிவு செய்யணும். தேடுசொல் என்றால், இந்தப் பக்கம் தேவைப்படும் ஒருவர் தேடல் பெட்டியில் எதைத் தட்டுவாரோ அந்தச் சொல். நம் பகுதியில் கெல்லி கோட்டையும் இருக்கிறது, மாரியம்மன் கோயிலும் இருக்கிறது. இரண்டையும் தலைப்பில் திணிக்க ஆசை வரும். வேணாம். பகுதியும் கேள்விகளும் பெரும்பாலும் கோட்டையைப் பற்றியவை என்றால் கோட்டைதான் தேடுசொல். கோயிலுக்குப் பக்கத்தின் உள்ளே ஒரு துணைத் தலைப்புக் கொடுத்துவிடலாம்.

அடுத்து, அந்தச் சொல்லை வேற்றுமை உருபு ஏற்றாமல் எழுத வேண்டும். இது தமிழுக்கே உரிய ஒரு விஷயம். தேடுபவர் 'இலக்கணம்' என்று தட்டுவார், 'இலக்கணத்தைக்' என்று தட்டமாட்டார். மகர ஈற்றுச் சொற்கள் உருபு ஏற்கும்போது கடைசி மகரமே மறைந்து அத்துச்சாரியை வந்துவிடுகிறது, சொல்லின் உருவமே மாறிவிடுகிறது. தேடுபவர் தன் மனத்தில் இருக்கும் சொல்லைத்தான் முடிவுகளில் கண்ணால் தேடுவார். அதே உருவத்தில் இருந்தால் சட்டென்று பிடிபடும். உருபு இல்லாவிட்டால் மூன்று நான்கு துண்டும் மிச்சம்.

இந்த இரண்டையும் வைத்து நம் தலைப்பை மறுபடி எழுதினால்:

கெல்லி கோட்டை: ஆண்டு 5 கருத்துணர்தல் பயிற்சி – பத்து காஜா

எண்ணிப் பார்ப்போம். கெல்லி 4, கோட்டை 6, ஆண்டு 3, கருத்துணர்தல் 8, பயிற்சி 4. இதுவரை 25 துண்டு. ஐந்து என்ற எண்ணும் முக்காற்புள்ளியும் சேர்ந்தாலும் வசதியாக அடங்கும். 'பத்து காஜா' இன்னும் 7 துண்டு, மொத்தம் 32. விளிம்பில் நிற்கிறது. சில கணினிகளில் தெரியும், சில கணினிகளில் புள்ளியாகிவிடும்.

அது தெரிந்தேதான் அங்கே வைத்தோம். தலைப்பின் கடைசி இடம் என்பது போனால் பரவாயில்லை என்ற இடம். ஊர்ப்பெயர் மறைந்தாலும் மீதி வரி தன் வேலையைச் செய்யும். மறையாவிட்டால் இது நம் ஊர்ச் செய்தி என்று தெரியவும் தெரியும். கூகுள் முழுசாகப் படிப்பதால், 'பத்து காஜா' என்று சேர்த்துத் தேடுபவருக்கும் பக்கம் கிடைக்க வழி உண்டு.

'தமிழ்மொழி' என்ற சொல்லை எடுத்துவிட்டோம், கவனித்தீர்களா? ஐந்து எழுத்துதான், ஆனால், 'மொ' இருப்பதால் ஏழு துண்டு. கருத்துணர்தல் என்று தமிழில் எழுதியிருக்கும்போது அது தமிழ்மொழிப் பாடம் என்று சொல்லத் தேவையில்லை. 'மாணவர்களுக்கான' என்பதும் அப்படியே. ஆண்டு 5 என்றால் மாணவர்களுக்குத்தான்.

ரோமன் எழுத்தில் `Kellie's Castle` என்று தேடுபவர்களும் நம்மில் நிறைய. அதையும் தலைப்பில் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். 20 பிக்சல் ஏரியல் எழுத்துருவில் அதற்கு மட்டும் சுமார் 125 பிக்சல் வேண்டும். சேர்த்தால் 'பயிற்சி'யோ 'கருத்துணர்தலோ' வெளியே போகும். அந்தப் பெயரைப் பக்கத்தின் முதல் பத்தியில் ஒரு முறை எழுதிவிடுவது போதும்.

பள்ளிப் பெயர் முன்னால் வரும்போது

பள்ளி இணையத்தளங்களில் இதே சிக்கல் வேறு உருவத்தில் வருகிறது. ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பும் 'தேசிய வகைத் தோட்டத் தமிழ்ப்பள்ளி' என்று தோட்டத்தின் பெயரோடு தொடங்கும். தோட்டப் பெயரைச் சேர்க்காமலேயே இது 17 எழுத்து, துண்டுக் கணக்கில் 21. தோட்டப் பெயரும் சேர்ந்தால் வரி முடிந்தது. பயிற்சித் தாள், விளையாட்டுப் போட்டி, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் எல்லாமே முடிவுகளில் ஒரே மாதிரி தெரியும்.

உலாவியில் நான்கைந்து பக்கம் திறந்து வைத்திருக்கும்போது இன்னும் மோசம். மேலே உள்ள தாவலில் முதல் ஒன்றிரண்டு சொல்தான் தெரியும். எல்லாத் தாவலும் 'தேசிய வகை...' என்றால் எது எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத்தான் பார்க்கணும்.

பள்ளியின் பெயர் முகப்புப் பக்கத்தில் முன்னால் இருக்கட்டும். அங்கே அதுதான் தேடுசொல். மற்றப் பக்கங்களில் பாடத்தின் பெயர் முன்னால், பள்ளியின் பெயர் கடைசியில்.

சில சமயம் நாம் சரியாகத் தலைப்பிட்டும் பெயர் முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். பிளாக்கரின் பழைய வார்ப்புருக்களில் தளத்தின் பெயர் முதலிலும் நாம் எழுதிய தலைப்பு அடுத்ததாகவும் வரும். நாம் 25 துண்டில் எழுதியிருப்போம், கூகுளுக்குப் போவது 45 துண்டாக இருக்கும். உங்கள் தளத்தில் இப்படி நடக்கிறதா என்று பார்க்க, ஒரு பதிவைத் திறந்து, உலாவியின் தாவலில் சுட்டியை வைத்து நிறுத்துங்கள். முழுத் தலைப்பும் சிறு பெட்டியில் தெரியும். தளத்தின் பெயர் முன்னால் இருந்தால், வார்ப்புருவின் நிரலில் இந்த வரி இருக்கும்:

```
<title><data:blog.pageTitle/></title>
```

அதை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்:

```
<b:if cond='data:blog.pageType == "item"'>
<title><data:blog.pageName/></title>
<b:else/>
<title><data:blog.pageTitle/></title>
</b:if>
```

பதிவுப் பக்கங்களில் பதிவின் தலைப்பு மட்டும் வரும், முகப்பில் தளத்தின் பெயர் வரும். கைவைப்பதற்கு முன் வார்ப்புருவை ஒரு படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அளந்து பார்க்க எளிய வழி

துண்டு எண்ணுவது எழுதும்போது கைகொடுக்கும். வெளியிடும் முன் ஒரு தடவை அளந்தும் பார்த்துவிடலாம். அதற்கு நம் எல்லாரிடமும் உள்ள மைக்ரோசாஃப்ட் வேர்டே போதும்.

புதிய கோப்பைத் திறந்து, தாள் ஏ4 ஆகவும் நான்கு பக்க ஓரமும் 2.54 சென்டிமீட்டராகவும் இருக்கிறதா என்று பாருங்கள். தலைப்பை ஒட்டி, தேர்ந்தெடுத்து, எழுத்துருவை `Nirmala UI`, அளவை 15 ஆக்குங்கள். இடப்பக்கமாகச் சீரமையுங்கள். ஒரே வரியில் நின்றால் கூகுளிலும் நிற்கும். ஒரு சொல் அடுத்த வரிக்கு இறங்கினால், அந்தச் சொல்தான் அங்கே புள்ளியாகும்.

இது எப்படிப் பொருந்துகிறது? ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். இரண்டு ஓரத்தையும் கழித்தால் எழுத 15.92 சென்டிமீட்டர். ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல் என்ற வழக்கமான கணக்கில் அது ஏறக்குறைய 602 பிக்சல். 20 பிக்சல் எழுத்து என்பது 15 புள்ளி அளவு. தற்செயல்தான், ஆனால் நமக்கு நல்ல அளவுகோல்.

சரியான எண் வேண்டும் என்பவர்கள் குரோமில் Ctrl+Shift+J அழுத்தினால் `Console` திறக்கும். அதில் இதை இட்டு Enter தட்டுங்கள்:

```
c = document.createElement("canvas").getContext("2d");
c.font = "20px Arial";
c.measureText("கெல்லி கோட்டை").width
```

பிக்சலில் விடை வரும். மேற்கோள் குறிக்குள் உங்கள் தலைப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். ஏரியல் எழுத்துருவில் தமிழ் கிடையாது, ஆகவே, உலாவி உங்கள் கணினியில் உள்ள தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். கூகுள் பக்கத்தைக் காட்டும்போதும் அதுதான் நடக்கிறது.

இதிலேயே ஒரு வரம்பும் இருக்கிறது. விண்டோசில் ஒரு தமிழ் எழுத்துரு, ஆண்ட்ராய்டில் வேறொன்று, ஆப்பிளில் இன்னொன்று. மேக் கணினியில் வரும் இணைமதி நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய எழுத்துரு. ஒவ்வொன்றிலும் அதே சொல்லின் அகலம் கொஞ்சம் மாறும். அதனால், உங்கள் கணினியில் 598 பிக்சல் வந்தது என்று நிம்மதியாக இருக்க முடியாது. தேடுசொல்லும் திறனும் ஆண்டும் 550க்குள் முடியட்டும். அதற்குப் பிறகு வருவது ஊரோ பள்ளியோ ஆக இருக்கட்டும்.

கைப்பேசியில் தலைப்பு பெரும்பாலும் இரண்டு வரியாக மடங்கும், இடம் சற்றுக் கூடுதல். ஆனால், மடங்குவது சொல்லின் எல்லையில்தான். 'ஆசிரியர்களுக்கான' போன்ற நீண்ட சொல் முதல் வரியில் இடம் பற்றாமல் இறங்கினால், முதல் வரியின் வலப்பக்கம் வெறுமையாக வீணாகும். ஆகவே, கணினி அளவுக்கு எழுதினால் கைப்பேசிக்கும் சேர்த்து எழுதியது போலத்தான்.

கூகுளே தலைப்பை மாற்றினால்?

நாம் எழுதிய தலைப்புதான் முடிவில் தெரியும் என்று உறுதி கிடையாது. 2021 ஆகஸ்டில் இருந்து கூகுள், பக்கத்தின் உள்ளே உள்ள பெரிய தலைப்பு போன்றவற்றையும் பார்த்து, பொருத்தமானதைத் தானே எடுத்துக் காட்டுகிறது. பல பக்கங்களுக்கு ஒரே மாதிரித் தலைப்பு, பக்கத்தில் உள்ளதற்கும் தலைப்புக்கும் பொருத்தமின்மை போன்ற இடங்களில் இப்படி மாற்றும்.

இதற்கு நாம் செய்யக்கூடியது, பக்கத்தின் உள்ளே மேலே தெரியும் பெரிய தலைப்பிலும் அதே தேடுசொல்லை அதே உருவத்தில் முன்னால் வைப்பது. அங்கே இடப் பஞ்சம் இல்லை, 'கெல்லி கோட்டை: கருத்துணர்தல் பகுதியும் பத்துக் கேள்விகளும்' என்று விரிவாகவே எழுதலாம். கூகுள் எதை எடுத்தாலும் கெல்லி கோட்டை முதலில் நிற்கும்.

மாற்றிய தலைப்பு எப்படித் தெரிகிறது என்று பார்க்க, தேடல் பெட்டியில் `site:` என்று தட்டி, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைச் சேர்த்துத் தேடுங்கள். உங்கள் பக்கங்கள் மட்டும் பட்டியலாக வரும். எந்தத் தலைப்பு மூன்று புள்ளியில் முடிகிறது, எதில் தேடுசொல் காணவில்லை என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். புதிய தலைப்பு உடனே வராது, கூகுள் மறுபடி வந்து படிக்கச் சில நாளோ சில வாரமோ ஆகலாம். தேடல் கன்சோலில் பதிந்திருப்பவர்கள் அங்கே பக்க முகவரியை இட்டு `Request Indexing` கொடுத்தால் கொஞ்சம் விரைவாகும்.

நீங்களே செய்து பாருங்கள்

இந்தத் தலைப்பைத் திருத்துங்கள்:

தேசிய வகைத் தமிழ்ப்பள்ளி தமிழ்மொழிப் பாடக்குழு வழங்கும் ஆண்டு 4 மரபுத்தொடர்களும் அவற்றின் பொருளும்

தேடுபவர் தட்டும் சொல் 'மரபுத்தொடர்'. அவருக்கு அடுத்துத் தேவை எந்த ஆண்டு என்பது. பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்பது. வழங்குபவர் யார் என்பது கடைசி. ஒரு விடை இப்படி இருக்கலாம்:

மரபுத்தொடர் ஆண்டு 4: பொருளும் வாக்கியமும்

மரபுத்தொடர் 9 துண்டு, ஆண்டு 3, பொருளும் 6, வாக்கியமும் 7. மொத்தம் 25. எண்ணும் குறியும் போக இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஆண்டு 5க்கும் 6க்கும் தனித்தனிப் பக்கம் இருந்தால், மூன்றும் 'மரபுத்தொடர்' என்று தொடங்கினாலும் அடுத்த சொல்லிலேயே வேறுபாடு தெரிந்துவிடும். பிள்ளை எந்த ஆண்டோ அந்த ஆண்டுக்கான தாளைப் பெற்றோர் நேராகத் தொடுவார்.

ஏற்கெனவே ஏற்றிய பக்கங்களையும் திருத்தலாம். தலைப்பை மட்டும் மாற்றுங்கள், பக்கத்தின் முகவரியை மாற்றிவிடாதீர்கள். முகவரி மாறினால், நீங்கள் முன்பு புலனத்தில் பகிர்ந்த இணைப்புகளும் மற்ற ஆசிரியர்கள் குறித்து வைத்த இணைப்புகளும் திறக்காமல் போய்விடும்.